ஊசிக்கு முன் ஓர் ஊசி: பாம்புக்கடி வார்டிலிருந்து சான்றின் ஏணியைப் பார்த்தல்

கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியாக இறங்கி முருங்கன் வயல்களுக்குப் பாயும் காலத்தில் வரம்புகளில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிடும். எலி வரும், எலியைத் தேடிப் புடையன் வரும். கண்ணாடி விரியன் என்று நூல்கள் சொல்லும் அந்தப் பாம்பு வைக்கோலின் நிறத்திலேயே கிடப்பதால், காலபோக அறுவடையில் கதிரை அள்ளும் கைக்கும் வரம்பில் வெறுங்காலோடு நடக்கும் பாதத்துக்கும் அது தெரிவதில்லை. கடிபட்டவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள்.

அங்கே முதலில் நடப்பது மிக எளிய ஒரு சோதனை. சில மில்லிலீற்றர் இரத்தத்தை எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். நேரம் முடிந்ததும் குழாயை ஒருமுறை சரித்துப் பார்ப்பார்கள். நல்ல இரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். புடையனின் விஷம் ஏறிய இரத்தம் தண்ணீர்போல ஓடும். ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். குப்பிகளில் தூளாக இருக்கும் அதை ஒவ்வொன்றாக ஊசித் தண்ணீர் விட்டுக் கரைக்கிறார்கள். குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால் குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டுவார்கள். வழக்கமாக 10 குப்பிகள். எல்லாவற்றையும் சேலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் நாளம் வழியே ஏற்றுவார்கள்.

மருந்தை ஏற்றத் தொடங்கும் முன் தாதி இன்னொரு சிறு ஊசி போடுகிறார். 1:1000 செறிவுள்ள அட்ரினலின், கால் மில்லிலீற்றர், தோலுக்கடியில். இந்தச் சிறு ஊசி அங்கே எப்படி வந்தது என்று கேட்டால், மருத்துவ ஆய்வுகளின் வகைகளை ஏன் ஒரு ஏணியாக அடுக்கினார்கள், எந்தப் படி எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பது முழுவதும் விளங்கிவிடும். இலங்கை மருத்துவர்கள் இந்த ஒரு கேள்வியோடு அந்த ஏணியில் படிப்படியாக ஏறியிருக்கிறார்கள்.

விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து வருவது. இலங்கையில் பயன்படும் மருந்து இந்தியாவில் தயாராகிறது. இந்தியத் தயாரிப்புகளுக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி, 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திடமிருந்து, சென்னைக்கு அருகேயுள்ள வடநெம்மேலியிலிருந்து போகிறது. நாகம், எட்டடி விரியன், புடையன், சுருட்டை ஆகிய நான்கின் விஷத்தையும் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் உடலில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுக்கிறார்கள். உயிரைக் காப்பது அந்தப் புரதம்தான். ஆனால் அது மனித உடலுக்கு அந்நியமானது. ஏற்றத் தொடங்கிச் சில நிமிடங்களில் சிலருக்கு உடம்பெங்கும் தடிப்பு வரும், வாந்தி வரும். சிலருக்கு மூச்சு இழுக்கும், இரத்த அழுத்தம் சரியும். பாம்பிடமிருந்து தப்பியவர் மருந்தால் ஆபத்துக்குள்ளாகும் நிலை இது.

இந்த எதிர்விளைவு வந்தபின் அதற்கு மருந்து அட்ரினலின் என்பதில் சர்ச்சை இல்லை. வருமுன்பே கொடுத்தால் தடுக்குமா என்பதுதான் கேள்வி. அதற்கு எதிரான வாதமும் வலுவானது. அட்ரினலின் இரத்த அழுத்தத்தை உயர்த்தும், புடையன் கடித்தவரின் இரத்தமோ உறையும் தன்மையை இழந்திருக்கிறது. அழுத்தம் ஏறி மூளையில் ஒரு குழாய் கசிந்தால் கதை முடிந்தது. இப்படி இருபக்கமும் நியாயம் சொல்லக்கூடிய ஒரு கேள்விக்கு மருந்தியல் அறிவை மட்டும் வைத்து விடை காண முடியாது. அதனால்தான் வலுவை வரிசைப்படுத்தும் பட்டியல்களில் நிபுணர் கருத்தும் உடலியல் ஊகமும் அடிப்படியில் இருக்கின்றன. 1979இல் கனடாவில் காலமுறை உடல்நலப் பரிசோதனைக்கென அமைந்த குழு தன் பரிந்துரைகளுக்குப் பின்னாலிருந்த சான்றுகளைத் தரம் பிரித்தது. பின்னர் டேவிட் சாக்கெட் போன்றோர் அதை விரிவாக்கினார்கள். அடியில் கருத்து, அதற்கு மேல் தனி நோயாளி அறிக்கை, நோயாளித் தொகுதி, ஒரு நேரக் கணக்கெடுப்பு, நோயாளி–ஒப்பாள் ஆய்வு, தொடர்கண்காணிப்பு ஆய்வு, எழுமாற்றுச் சோதனை, உச்சியில் முறைசார் மீளாய்வு என்று இன்று மாணவர்கள் படிக்கும் ஏணி அந்த வழியில் வந்தது.

ஒவ்வொரு படியையும் அதற்குக் கீழுள்ள படியிலிருந்து பிரிப்பது, அது அடைக்கும் ஓர் ஓட்டை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

தனி நோயாளி அறிக்கை என்பது ஒரு மருத்துவர், தான் கண்ட ஒருவருக்கு நேர்ந்ததை விவரமாக எழுதி இதழுக்கு அனுப்புவது. முன்கூட்டியே அட்ரினலின் போட்டேன், எதிர்விளைவு வரவில்லை என்று ஒருவர் எழுதலாம். அந்த நோயாளிக்கு ஊசி போடாவிட்டாலும் வராமலிருந்திருக்கலாம் என்பதற்கு அந்த அறிக்கையில் பதில் இருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாததே இந்தப் படியின் ஓட்டை. ஆனாலும் இதைத் தாழ்வாக எண்ணிவிட முடியாது. இதுவரை எவரும் எதிர்பாராத ஒன்றை முதலில் காட்டுவது பெரும்பாலும் இந்தப் படிதான். சிங்களத்தில் குனகட்டுவா என்று சொல்லப்படும் கூன்மூக்கு விரியனே இதற்குச் சாட்சி. கடித்த இடம் வீங்கும், வலிக்கும், அவ்வளவுதான் என்று நெடுங்காலம் கருதப்பட்ட சிறு பாம்பு அது. சிறுநீரகம் செயலிழந்த நோயாளி, இரத்தம் உறையாத நோயாளி, இறந்துபோன நோயாளி என்று அறிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தன.

அந்த அறிக்கைகள் எழுப்பிய ஐயத்தை அடுத்த படியான நோயாளித் தொகுதி தீர்த்தது. அரியரத்தினமும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 10 ஆஸ்பத்திரிகளில் கடித்த பாம்பையே நோயாளிகள் கொண்டுவந்த 860 பாம்புக்கடிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 302 கூன்மூக்கு விரியன் கடித்தவை. அந்த 302 பேரில் 5 பேர் இறந்திருந்தார்கள். இறந்த பாம்பு மேசையில் கிடந்ததால் எது கடித்தது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது இந்த ஆய்வின் பலம். அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பாம்பை அடித்துக் கொண்டுவந்தவர்களும், இருட்டில் எது கடித்ததென்று தெரியாமல் வந்தவர்களும் ஒரே மாதிரியானவர்களா என்று சொல்ல முடியாது. மெதுவாக ஊரும் பாம்பு அதிகம் அகப்படும், வேகமாக ஓடும் பாம்பு அகப்படாது. அதனால் 860இல் 302 என்பதை நாட்டிலுள்ள எல்லாக் கடிகளுக்கும் பொருத்திவிட முடியாது. ஆனால் கூன்மூக்கு விரியன் கொல்லக்கூடியது என்ற முடிவுக்கு அந்தக் குறை தடையில்லை. அதை நிறுவ எழுமாற்றுச் சோதனை தேவையும் இல்லை, செய்யவும் முடியாது. நான்கு பாம்புகளுக்கான இந்திய மருந்து இந்த ஐந்தாவது பாம்புக்கு உதவாது என்ற கவலையும் இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் வராதவர்கள் மறைந்துபோவார்கள். விஷகடி வைத்தியரிடம் போனவர், வழியிலேயே இறந்தவர், வீட்டில் இருந்தே குணமானவர் எல்லாம் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இல்லை. இந்த ஓட்டையை அடைக்க வீடு வீடாகப் போக வேண்டும். எதிரிவீரவும் களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிறரும் 2016இல் வெளியிட்ட நாடளாவிய கணக்கெடுப்பில் 44,136 வீடுகளில் 165,665 பேரைப் பற்றிக் கேட்டார்கள். முந்திய 12 மாதங்களில் யாரையாவது பாம்பு கடித்ததா என்பதே அடிப்படைக் கேள்வி. அதிலிருந்து இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகள், 30,000 விஷமேறிய கடிகள், 464 இறப்புகள் என்று மதிப்பிட்டார்கள். எவ்வளவு, எங்கே என்ற கேள்விக்கு இதைவிட மேலான வடிவம் கிடையாது. ஆனால் எந்த மருந்து உதவுகிறது என்று இதனிடம் கேட்டால் பதில் வராது. ஏணியில் கீழே இருப்பதற்கும் பயனற்றதாக இருப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. ஏணி, சிகிச்சை பயன்தருமா என்ற ஒரு கேள்விக்காகக் கட்டப்பட்டது. வேறு கேள்விக்கு அதே வரிசை பொருந்தாது.

அடுத்த இரண்டு படிகளில்தான் ஒப்பீடு வருகிறது. எட்டடி விரியன் இரவில் வீட்டுக்குள் நுழைந்து தரையில் தூங்குபவரைக் கடிக்கும் பாம்பு. காவல் வாடியில் பாய் விரித்துப் படுப்பவருக்கு நுளம்பு வலை பாதுகாப்பாகுமா? நேபாளத்தின் தென்கிழக்குப் பகுதியில் சப்பூயி குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு அதைப் பின்னோக்கிக் கேட்டது. தூக்கத்தில் கடிபட்டவர்களை ஒரு பக்கமும், அதே சூழலில் வாழும், கடிபடாத ஒப்பாட்களை மறுபக்கமும் வைத்து, இரு தரப்பிலும் வலைக்குள் தூங்கியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். கடிபட்டவர்களிடையே வலைக்குள் தூங்கியவர்கள் மிகச் சிலரே இருந்தார்கள். பாதுகாப்பு மிகப் பெரிதாகத் தெரிந்தது.

நோயாளி–ஒப்பாள் ஆய்வின் சிக்கல், வலை உள்ளவர் வேறு வகையிலும் வேறுபட்டவராக இருப்பது. அவரிடம் கட்டில் இருக்கலாம், சீமெந்துத் தரையும் வெடிப்பில்லாத சுவரும் இருக்கலாம். கடிபடாமல் காத்தது வலையா வீடா? ஆய்வாளர்கள் இவற்றையும் கேட்டுக் கணக்கில் சரிசெய்வார்கள். ஆனால் கேட்கத் தோன்றாத வேறுபாட்டைச் சரிசெய்ய வழியில்லை. விளைவு இவ்வளவு பெரிதாக இருக்கும்போது மறைந்திருக்கும் ஒரு வேறுபாடு அதை முழுவதும் விளக்கிவிடுவது கடினம். விளைவு சிறிதாக இருந்தால் அந்தச் சந்தேகமே முடிவை விழுங்கிவிடும்.

அட்ரினலின் கேள்விக்குத் தொடர்கண்காணிப்பு ஆய்வு ஒன்று செய்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஓர் ஆஸ்பத்திரியில் மருத்துவர்கள் தங்கள் மனப்படி முடிவெடுக்கிறார்கள். முன்பு ஆஸ்துமா இருந்தவர், ஒவ்வாமை உள்ளவர், பார்க்கவே பயமூட்டும் நிலையில் வந்தவர் ஆகிய 100 பேருக்கு முன்கூட்டியே அட்ரினலின் கொடுக்கிறார்கள். மற்ற 100 பேருக்குக் கொடுக்கவில்லை. ஆண்டு முடிவில் பதிவேட்டைப் புரட்டினால் இரு பக்கமும் 40 பேருக்கு எதிர்விளைவு. ஊசியால் பயனில்லை என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் முதல் 100 பேரும் இயல்பிலேயே ஆபத்து கூடியவர்கள். ஊசி இல்லாதிருந்தால் அவர்களில் 70 பேருக்கு வந்திருக்கும் என்றால், ஊசி 30 பேரைக் காத்திருக்கிறது. பதிவேடு அதைக் காட்டாது. மருத்துவரின் நல்ல கவனமே தரவைக் கோணலாக்கிவிட்டது. சென்ற ஆண்டு கொடுக்கவில்லை, இந்த ஆண்டு கொடுக்கிறோம் என்று ஒப்பிட்டாலும் தப்ப முடியாது. மருந்தின் தயாரிப்பும் தொகுதியும் மாறும்போது எதிர்விளைவின் விகிதமும் மாறிவிடும்.

இந்தக் கோணலை நீக்க ஒரே வழி, யாருக்கு எது என்ற முடிவை மருத்துவரின் கையிலிருந்து எடுத்துவிடுவது. இலங்கைப் பாடநூல்கள் எழுமாற்று என்று சொல்லும் முறை அதைச் செய்கிறது. இம்முறையை மருத்துவத்தில் நிலைநாட்டியது 1948இல் பிரித்தானியாவில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை. பத்தாண்டு கழிவதற்குள் சென்னையில் காசநோயாளிகளை எழுமாற்றாகப் பிரித்து, வீட்டில் சிகிச்சை, சானடோரியத்தில் சிகிச்சை என்று ஒப்பிட்ட புகழ்பெற்ற சோதனை நடந்தது. நாணயத்தைச் சுண்டியதுபோல் பிரிக்கும்போது ஆஸ்துமாக்காரரும் இரு பக்கமும் பரவுவார், நாம் பெயர்கூட அறியாத காரணிகளும் இரு பக்கமும் பரவும். அதுவே இம்முறையின் தனிச்சிறப்பு.

பிரேமவர்தனவும் சக மருத்துவர்களும் 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளியிட்ட சோதனை அட்ரினலின் கேள்விக்கு அப்படி விடை தேடியது. விஷமுறிவு மருந்து தேவைப்பட்ட 105 பேரில் 56 பேருக்கு அட்ரினலின், 49 பேருக்கு மருந்தில்லா வெற்று ஊசி. ஊசி பெற்ற 56 பேரில் 6 பேருக்கு, அதாவது 11 சதவீதத்தினருக்கு, எதிர்விளைவு வந்தது. வெற்று ஊசி பெற்ற 49 பேரில் 21 பேருக்கு, அதாவது 43 சதவீதத்தினருக்கு வந்தது. வேறுபாடு 32 சதவீதப் புள்ளிகள். மூன்று பேருக்கு ஊசி போட்டால் ஏறத்தாழ ஒருவர் எதிர்விளைவிலிருந்து தப்புகிறார் என்று கணக்காகிறது. அட்ரினலினால் குறிப்பிடத்தக்க தீங்கும் காணப்படவில்லை.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாதது நல்லதாயிற்று. 105 பேர் என்பது சிறு எண்ணிக்கை. எதிர்விளைவு கண்டவர்கள் மொத்தம் 27 பேர்தான். அவர்களில் சிலர் பக்கம் மாறியிருந்தால் விகிதங்கள் கணிசமாக அசைந்திருக்கும். சிறு சோதனைகளில் வெளிச்சத்துக்கு வருபவை பெரும்பாலும் பெரிய விளைவைக் காட்டியவை என்பதால், முதல் முடிவு உண்மையைவிடப் பெரிதாகத் தோன்றும் வாய்ப்பும் உண்டு. அதோடு வார்டுகளில் வேறொரு பழக்கம் ஊன்றியிருந்தது. முன்கூட்டிய மருந்தாக ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டையும், புரோமெதசின் போன்ற ஒவ்வாமை மருந்தையும் பலர் கொடுத்துவந்தார்கள். பிரேசிலில் புரோமெதசினை 101 பேரிடம் சோதித்து 1999இல் வெளியிட்டபோது பயன் எதுவும் தெரியவில்லை. ஆனால் அங்கே பாம்பும் வேறு, விஷமுறிவு மருந்தும் வேறு.

களனிப் பல்கலைக்கழகத்தின் அசித டி சில்வா தலைமையில் 2005 முதல் 2008 வரை நடந்து, 2011இல் பிளொஸ் மெடிசின் இதழில் வெளியான சோதனை இந்த மூன்று மருந்துகளையும் ஒரே வலைக்குள் கொண்டுவந்தது. சேர்ந்தவர்கள் 1,007 பேர். ஒவ்வொருவருக்கும் மூன்று தனித்தனிக் கேள்விகளுக்கு எழுமாற்று விடை: அட்ரினலினா வெற்று ஊசியா, ஹைட்ரோகோர்ட்டிசோனா வெற்று ஊசியா, புரோமெதசினா வெற்று ஊசியா. இரண்டு, இரண்டு, இரண்டு என்று பெருக்கினால் எட்டுக் குழுக்கள். ஒரு குழுவுக்கு மூன்று மருந்தும் கிடைக்கும், ஒரு குழுவுக்கு எதுவுமே கிடைக்காது, மற்றவை இடைப்பட்டவை. இந்த அமைப்பின் நுட்பம் என்னவென்றால், அட்ரினலினைப் பற்றிக் கேட்கும்போது 1,007 பேரும் இரு பாதியாகப் பிரிகிறார்கள். ஸ்டீராய்டைப் பற்றிக் கேட்கும்போது அதே 1,007 பேர் வேறு விதமாக இரு பாதியாகப் பிரிகிறார்கள். மூன்று சோதனைகளுக்கான ஆட்களைத் தனித்தனியே தேட வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, ஒரு மருந்து இன்னொன்றோடு சேரும்போது என்னாகிறது என்பதையும் பார்க்கலாம். எந்த ஊசியில் என்ன இருக்கிறதென்று நோயாளிக்கும் தெரியாது, எதிர்விளைவை அளப்பவருக்கும் தெரியாது.

முடிவு பல வார்டுகளின் பழக்கத்துக்கு எதிராக வந்தது. மொத்தத்தில் 752 பேருக்கு, அதாவது 75 சதவீதத்தினருக்கு, ஏதோவொரு எதிர்விளைவு இருந்தது. அவற்றில் 43 சதவீதம் கடுமையானவை. பத்தில் ஒன்பது எதிர்விளைவுகள் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வந்தன. அட்ரினலின் கடுமையான எதிர்விளைவுகளை முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதமும், 48 மணி நேரம்வரை பார்த்தால் 38 சதவீதமும் குறைத்தது. ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசினும் குறைக்கவில்லை. அட்ரினலினோடு ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சேர்த்தபோது அட்ரினலினின் பயனும் இல்லாமல் போனது.

இந்தக் கடைசி வரியை மருந்தியல் நூலை வைத்து எவரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒவ்வாமைக்கு ஸ்டீராய்டு நல்லது, அட்ரினலினும் நல்லது, இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்பதே இயல்பான ஊகம். தனி நோயாளி அறிக்கையும் பதிவேடும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. எல்லாம் கலந்து கொடுக்கும் வார்டில் எது எதைக் கெடுத்தது என்று பிரித்தறிவது எப்படி? அதே சமயம், இதையும் அளவறிந்து வாசிக்க வேண்டும். மருந்துகள் ஒன்றையொன்று மாற்றும் விளைவை அளக்கும்போது ஒவ்வொரு சேர்க்கையிலும் இருப்பவர்கள் குறைந்துவிடுகிறார்கள். 1,007 பேருள்ள சோதனையிலும் எட்டில் ஒரு குழு 125 பேர் அளவுதான். அதனால் ஒவ்வொரு மருந்தின் தனி விளைவைவிட இந்த முடிவு சற்றுத் தளர்வானது.

1999இன் 43 சதவீதமும் 2011இன் 75 சதவீதமும் ஏன் இவ்வளவு தூரம்? முதலாவது வெற்று ஊசி பெற்றவர்களின் கணக்கு. இரண்டாவது, பாதிப் பேருக்கு அட்ரினலின் கிடைத்த ஒரு சோதனையின் மொத்தக் கணக்கு. அப்படியிருந்தும் இரண்டாவதே பெரிது. மருந்துத் தொகுதி வேறாக இருக்கலாம், லேசான தடிப்பையும் எண்ணும் கண்டிப்பு வேறாக இருக்கலாம். ஒரே நாட்டில், ஒரே கேள்வியை, ஒரே அளவு அட்ரினலினை வைத்துக் கேட்ட இரண்டு எழுமாற்றுச் சோதனைகளுக்கிடையே இவ்வளவு வேறுபாடு என்றால், ஏணியில் ஒரே படியில் நிற்பவை எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல என்பது விளங்கும். எத்தனை பேர், விளைவை எப்படி வரையறுத்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும்.

மேல்படிக்கும் குருட்டுப் புள்ளி உண்டு. அட்ரினலின் பெற்றவர்கள் ஏறத்தாழ 500 பேர் என்று வைத்துக்கொள்வோம். 500 பேரில் ஒருவருக்கும் நேராத ஒரு தீங்கு உலகில் நேராது என்று சொல்ல முடியாது. புள்ளிவிபரத்தில் ஓர் எளிய விதி இருக்கிறது: 3ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது, இன்னும் மறைந்திருக்கக்கூடிய ஆபத்தின் மேல் எல்லை. 500க்கு அது 0.6 சதவீதம். ஆயிரத்தில் ஆறு பேருக்கு மூளையில் கசிவு ஏற்படுத்தும் மருந்துகூட இந்தச் சோதனையில் குற்றமற்றதாகத் தெரிந்துவிட இடமுண்டு. தவிர, கட்டுப்படாத உயர் இரத்த அழுத்தம், இதய நோய் போன்றவை உள்ளவர்களை இத்தகைய சோதனைகளில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. வார்டுக்கு வரும் 65 வயது விவசாயிக்கு இரண்டும் இருக்கலாம். அரிய தீங்கை முதலில் காணப்போவது ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மருத்துவர்தான். அவர் எழுதப்போவது ஏணியின் கீழ்ப்படியிலுள்ள தனி நோயாளி அறிக்கை.

உச்சிப் படியான முறைசார் மீளாய்வு எல்லாச் சோதனைகளையும் தேடித் திரட்டி, தரம் பார்த்து, பொருந்தினால் சேர்த்துக் கணக்கிடுவது. பாம்புக்கடியில் அது ஏறுபவருக்கு ஏமாற்றம் தருவதுண்டு. எதிர்விளைவைத் தடுப்பது பற்றிய முதல் கொக்ரேன் மீளாய்வுக்குக் கிடைத்தவை இரண்டே சோதனைகள்: இலங்கையின் அட்ரினலின், பிரேசிலின் புரோமெதசின். வேறு மருந்து, வேறு பாம்பு, வேறு குதிரைப் புரதம். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பதில் பொருளே இல்லை. உச்சியில் நிற்கும் ஆய்வு, தனக்குக் கீழே இருப்பதைவிட வலுவாக இருக்க முடியாது.

இதைவிடக் கூர்மையான உதாரணம் கலன மதுவகே முதலியோர் 2015இல் வெளியிட்ட கொக்ரேன் மீளாய்வு. பாம்பு விஷத்தால் இரத்தம் உறையாமல் போகும்போது விஷமுறிவு மருந்து உதவுகிறதா என்று, வெற்று மருந்தோடு ஒப்பிட்ட எழுமாற்றுச் சோதனைகளைத் தேடினார்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஏணியை எழுத்துக்கெழுத்து வாசிப்பவர் இதிலிருந்து விஷமுறிவு மருந்துக்கு ஆதாரமில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார். இரத்தம் ஓடும் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பாதிப் பேருக்கு வெறும் சேலைனை ஏற்றும் சோதனைக்கு எந்த அறநெறிக் குழுவும் எளிதில் அனுமதி தராது என்பதே அந்த வெற்றிடத்தின் பெரும் காரணம். நூறாண்டுக்கு மேலான அனுபவமும் ஆய்வகச் சான்றும் நோயாளித் தொகுதிகளும் அந்த மருந்தின் பக்கம் நிற்கின்றன. எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு விரைவில் கொடுப்பது, எந்தப் பாம்புக்கு எவ்வளவு உதவும் என்ற கேள்விகளில்தான் உண்மையான நிச்சயமின்மை இருக்கிறது. அத்தகைய கேள்விகளைச் சோதிக்க முடியும், சோதித்துமிருக்கிறார்கள். மருந்தை 20 நிமிடத்தில் ஏற்றுவதா, 2 மணி நேரத்தில் மெதுவாக ஏற்றுவதா என்று இலங்கையில் 198 பேரிடம் எழுமாற்றாக ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டார்கள். மெதுவாக ஏற்றினால் எதிர்விளைவு குறையும் என்பது பரவலான நம்பிக்கை. கடுமையான எதிர்விளைவில் வேறுபாடு தெரியவில்லை.

2004 முதல் பல நாடுகளின் வழிகாட்டுதல் குழுக்கள் கையாளும் கிரேட் முறை ஏணியை இதற்கேற்ப வளைத்துக்கொண்டது. எழுமாற்றுச் சோதனை உயர்ந்த நம்பிக்கையோடு தொடங்கும். ஆனால் ஆட்கள் குறைவு, ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண், சோதித்தவர்கள் நம் நோயாளிகளைப் போன்றவர்கள் அல்ல என்பன போன்ற குறைகளுக்காகக் கீழே இறக்கப்படும். கண்காணிப்பு ஆய்வு தாழ்ந்த நம்பிக்கையோடு தொடங்கும். ஆனால் நுளம்பு வலைபோல விளைவு மிகப் பெரிதாக இருந்தால் மேலே ஏற்றப்படும். வடிவம் தொடங்குமிடத்தைச் சொல்கிறது, முடியுமிடத்தை ஆய்வின் உள்விவரங்கள் சொல்கின்றன.

முருங்கனுக்குப் பொருத்திப் பார்க்கும்போது கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மன்னாரின் வறண்ட மணற்பாங்கான கரையோரத்தில் சுருட்டையும் கடிக்கிறது. அந்தக் கடிக்கும் அட்ரினலின் முடிவு செல்லுமா? எதிர்விளைவைத் தருவது பாம்பின் விஷமல்ல, குதிரையின் புரதம். மருந்து ஒன்றேயானால் தடுப்பின் பயனும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கலாம். ஆனால் மருந்தைத் தயாரிக்கும் நிறுவனம் மாறி, சுத்திகரிப்பு மேம்பட்டு, 75 சதவீதம் 20 ஆகக் குறைந்துவிட்டால் கணக்கு மாறும். அப்போதும் அட்ரினலின் அதே விகிதத்தில் குறைக்கலாம். ஆனால் தப்புபவர் எண்ணிக்கை சிறுத்து, அரிய தீங்கின் நிழல் பெரிதாகத் தெரியும். 2011இன் முடிவு அந்த ஆண்டுகளில் ஏற்றிய மருந்துக்கான முடிவு.

இரவு வார்டில் 10 குப்பிகளும் கரைந்து, சேலைன் போத்தல் தொங்குகிறது. தோலுக்கடி ஊசி போட்டாயிற்று. தட்டில் இன்னொரு சிரிஞ்சில் முழு அளவு அட்ரினலின் ஏற்றி வைத்திருக்கிறார்கள். முதல் ஊசி கடுமையான எதிர்விளைவுகளில் பாதியைக்கூடத் தடுப்பதில்லை என்பதைச் சோதனையே சொல்லியிருக்கிறது. தாதி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நோயாளியின் தோளில் தடிப்பு எழுகிறதா, இருமல் வருகிறதா, குரல் கம்முகிறதா என்று கவனிக்கிறார். முதல் ஒரு மணி நேரம் அவர் கட்டிலருகிலிருந்து அசைவதில்லை.